அவசரம்: நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓ நெகட்டிவ் குருதி தேவை

அனுப்பும் நேரம்: 2026 மார்ச் 10, செவ்வாய், மாலை 6.30

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் 8ஆம் இலக்க வார்டில், 14ஆம் கட்டிலில் தங்கியிருக்கும் நம் தோட்டத்துச் சகோதரி ஒருவருக்கு, மார்ச் 12, வியாழக்கிழமை காலை, கர்ப்பப்பைக் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை செய்யத் திகதி குறித்திருக்கிறார்கள். பல மாதங்களாக இரத்தப்போக்கு இருந்ததால் அவருடைய உடலில் குருதி மிகவும் குறைந்திருக்கிறது. ஓ நெகட்டிவ் குருதி மூன்று பைகள் கையிருப்பில் இருந்தால்தான் சத்திரசிகிச்சையைத் தொடங்க முடியும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இன்று மாலை வரை ஒரு பைக்குத்தான் வழி கிடைத்துள்ளது. இன்னும் இருவர் வேண்டும்.

குருதி கொடுக்க வேண்டிய இடம்: அதே வைத்தியசாலையின் இரத்த வங்கி.
நாள், நேரம்: மார்ச் 11, புதன்கிழமை, காலை 8.00 முதல் பிற்பகல் 2.00 வரை.
தொடர்புக்கு: நோயாளியின் அண்ணன் செல்வகுமார், 079 000 4172; அவர் எடுக்காவிட்டால் நான், தவமணி, 079 000 4185.

எடுக்கும் குருதியை எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, மலேரியா முதலிய நோய்களுக்குப் பரிசோதித்த பின்னரே நோயாளிக்கு ஏற்றுவார்கள் என்பதால், வியாழன் காலை வந்து கொடுப்பது இந்தச் சத்திரசிகிச்சைக்கு உதவாது. புதன்கிழமைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு ஓ நெகட்டிவ் குருதியை மட்டுமே ஏற்றலாம். ஓ பொசிட்டிவ் உள்ள பலர் உடனே புறப்படுகிறோம் என்று அன்போடு சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனத்துக்கு நன்றி. ஆனால் நாளைக்கு மட்டும் அலைய வேண்டாம். தங்கள் குருதி வகை தெரியாதவர்கள் பழைய இரத்த தான அட்டையையோ, பெண்கள் என்றால் பிள்ளை பெற்ற காலத்துக் கிளினிக் அட்டையையோ எடுத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்தவுடன் "உங்கள் குருதி நெகட்டிவ்" என்று சொல்லித் தனியாக ஓர் ஊசி போட்டது நினைவிருக்கும் அக்காமார், அந்த அட்டையைத் தேடியெடுத்து, அதில் ஓ என்று இருந்தால் எங்களுக்கு அழையுங்கள். லயன் வீடுகளில் இப்படி ஒருவராவது இருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கைத்தொலைபேசி இல்லாதவர்களிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கொடுப்பவர் 18 வயதுக்கு மேல் 60 வயதுக்கு உட்பட்டவராகவும், 50 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவராகவும், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கடந்தவராகவும் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வர வேண்டாம். தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றோடு வராமல் காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தேநீர் மட்டும் போதாது. அங்கே விரல் நுனியில் குத்திக் குருதியின் அளவைப் பார்ப்பார்கள். அளவு குறைவு என்று திருப்பி அனுப்பினால் மனம் வருந்த வேண்டாம். கொழுந்தெடுக்கும் நம் பெண்களில் பலருக்கு அது குறைவாக இருப்பது எல்லோரும் அறிந்ததே, உங்கள் நலனுக்காகவே அப்படிச் சொல்கிறார்கள்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்து காலை 7.00 மணிக்கு ஒரு வேன் புறப்படும். மாலைக்குள் அதே வேனில் திரும்பிவிடலாம். கட்டணம் இல்லை. குருதிக்கு யாரும் பணம் கேட்கவோ கொடுக்கவோ கூடாது. இந்தச் செய்தியின் பெயரால் யாராவது பணம் கேட்டால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். ஒருநாள் பேர் போகுமே என்று தயங்குபவர்கள் இன்றிரவே எனக்கு அழைத்தால், காலைப் பிரட்டுக்கு முன்னர் உங்கள் கங்காணியிடம் நானே பேசுகிறேன். கண்டியிலும் பதுளையிலும் இருப்பவர்கள் நேரே புறப்படாமல் முதலில் அழையுங்கள்; உங்கள் ஊரிலேயே கொடுக்க வழி உண்டா என்று இரத்த வங்கியில் கேட்டுச் சொல்கிறோம்.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி நோயாளியின் பெயரையும் படத்தையும் இங்கே இடவில்லை. இரத்த வங்கியில் வார்ட் 8, கட்டில் 14 என்று சொன்னால் போதும்.

சிங்கள நண்பர்களுக்கும் நகரத்து அலுவலகங்களுக்கும் அனுப்புவதற்காக இதன் ஆங்கில வடிவத்தை அடுத்த செய்தியாக இடுகிறேன். வார்ட், திகதி, தொலைபேசி எண்கள் இரண்டிலும் ஒன்றே. பகிரும்போது ஓர் எழுத்தையும் மாற்றவோ வெட்டவோ வேண்டாம். சென்ற ஆண்டு திகதி இல்லாமல் பரவிய ஒரு செய்தியால், நோயாளி குணமடைந்து வீடு திரும்பிய பிறகும் அந்தக் குடும்பத்துக்கு வாரக்கணக்கில் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே மார்ச் 11, பிற்பகல் 2.00 மணிக்குப் பிறகு இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதற்கு முன்பே இருவரும் கிடைத்துவிட்டால் "போதும்" என்று இதே குழுவில் எழுதுவேன்.

தவமணி
தலவாக்கலை