நேற்றைய மெயில் இனிமேல் வந்தாலும் பொருட்படுத்த வேண்டாம்

அன்புள்ள அக்கா,

காலையில் "நேற்று ராத்திரி அனுப்பிய மெயிலைப் பொருட்படுத்தாதீங்க, மன்னிச்சிருங்க" என்று ஒரு வரி அனுப்பினேன். "எந்த மெயில்? எதுவும் வரலையே, என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் முதலில் அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, கையில் கிடைக்காத ஒன்றை மறந்துவிடச் சொல்லி உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன் என்று. இன்று முழுக்க அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வேலை பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இதை உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நேற்று இரவு 11.52-க்கு உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். நீங்கள் கேட்ட பிறகு என் பெட்டியைப் பார்த்தால், காலை ஆறு மணிக்கே ஓர் அறிவிப்பு வந்து கிடக்கிறது: Delivery Status Notification (Delay). கீழே 452 4.2.2 என்று ஓர் எண். உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, அதனால் தற்காலிகமாக வாங்க மறுக்கிறது என்று அர்த்தம். போன வாரம், சாரைப் பற்றிய நம் தொகுப்புக்காக அவருடைய பழைய புகைப்படங்கள் அறுபதையும் பெரிய அளவிலேயே அனுப்பினேனே, பெட்டி நிரம்பியதற்கு அவைதான் காரணமாக இருக்கும்.

ஆனால் அந்த மெயில் செத்துப்போகவில்லை அக்கா. இன்னும் 45 மணி நேரம் விடாமல் முயற்சி செய்வோம் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. இடையில் உங்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் கிடைத்தால் உள்ளே வந்துவிடும். அனுப்பியதை ரத்து செய்ய 30 நொடிதான் அவகாசம், அது நேற்றே போய்விட்டது. இப்போது நான் நினைத்தாலும் தடுக்க முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதன் நகலை அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பிக்கும் போட்டிருந்தேன். அவருக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வாயிலாக அரைகுறையாக உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் அதில் என்ன எழுதினேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் கட்டுரையின் கடைசி இரண்டு பத்திகளை நீங்கள் வெட்டிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தேன். நான் தேர்வில் தோற்ற வருஷம், சார் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ராத்திரி ஒரு மணி வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் போட வைத்தாரே, அந்தப் பகுதி. அதை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். மெய்ப்பில் அது இல்லை என்றதும் யாரோ என்னைத் தூக்கி வெளியே வைத்ததுபோல இருந்தது. "கேட்காமலே வெட்டுவதற்கு இது உங்கள் சொத்தா?" என்று எழுதிவிட்டேன். என் கட்டுரையையும் தொகுப்பாளர்களில் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றும் எழுதினேன். இதைவிட மோசமாக அதில் எதுவும் இல்லை. இதுவே போதுமான அளவுக்கு மோசம்தான்.

இன்று காலை ஐந்தரைக்கு எழுந்து மறுபடியும் பார்த்தேன். நான் திறந்து வைத்திருந்தது proof_2.pdf. நீங்கள் கடைசியாக அனுப்பியதோ proof_4.pdf. இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன, ராத்திரி கண் சொருகும் நேரத்தில் பழையதைத் திறந்துவிட்டேன். பழையதில் அந்தப் பக்கத்தில் ஒரு படம் வைக்க இடம் விட்டிருந்ததால் பத்திகள் கீழே மறைந்து போயிருக்கின்றன. புதியதில் 63, 64-ஆம் பக்கங்களில் ஒரு வரி குறையாமல் இருக்கிறது. அதுமட்டுமில்லை, "கணக்கு" என்று நான் இரண்டு இடத்தில் தவறாக அடித்திருந்ததைத் திருத்தியும் வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தபோது நிஜமாகவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். உடனே உங்களுக்கு அந்த ஒரு வரியை அனுப்பினேன்.

மூன்று மாதமாக முப்பத்தொரு பேரை விரட்டி விரட்டிக் கட்டுரை வாங்கியது நீங்கள். யாருடைய எழுத்திலும் அவரைக் கேட்காமல் கை வைக்காதவர் நீங்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்காமல் முடிவு கட்டியது என் தப்பு. மெயில் உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதால் அந்தத் தப்பு குறைந்துவிடாது, நான் அதை எழுதியவன்தானே. மன்னித்துவிடுங்கள் அக்கா.

அச்சகத்துத் தம்பியிடம் ஒன்பது மணிக்குப் பேசிவிட்டேன். அவர் மெயிலைப் பார்த்திருந்தார், ஆனால் எதையும் எடுக்கவில்லை. "அக்கா சொல்லாம நான் ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன் சார்" என்றார். தப்பு முழுக்க என்னுடையது, அக்கா எதையும் வெட்டவில்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். அவர் மனதில் உங்களைப் பற்றி ஒரு துளி சந்தேகம் கூட மிச்சம் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

சரி, இப்போது உங்கள் பெட்டி விஷயம். அந்த மெயில் வந்துவிடுமே என்று, பெட்டியைக் காலி செய்யாதீர்கள் என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தேன். அது சரியில்லை. கடைசி மெய்ப்பு நாளை அந்த முகவரிக்குத்தான் வருகிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதனால் தயவுசெய்து இன்றே காலி செய்யுங்கள். நான் அனுப்பிய புகைப்படங்களை அழித்துவிடலாம், எல்லாமே என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அழித்தது குப்பைக் கோப்புறையில் கிடந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும், அதையும் காலி செய்துவிடுங்கள்.

அப்புறம் கொஞ்ச நேரத்தில் "என் கட்டுரை பற்றி" என்ற தலைப்பில் ஒன்று வந்து விழும். படிப்பதும் படிக்காமல் அழிப்பதும் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் படிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சொன்ன தகவல் தெரிந்துவிட்டது, சொன்ன தொனியும் உங்கள் மனதில் போய்த் தங்க வேண்டாம். ஒருவேளை படித்துவிட்டால், இன்று காலை அதை எழுதியவனே ஒரு வரி விடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு வரி விடாமல் என்று சொன்னது தப்பு. அதன் கடைசியில் ஒரே ஒரு உருப்படியான விஷயம் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 41-ஆம் பக்கத்தில் சார் மாணவர்களோடு நிற்கும் படத்தின் கீழே பெயர்கள் வலமிருந்து இடமாகப் போய்விட்டன. proof_4-இலும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். "இடமிருந்து வலம்" என்று போட்டுவிட்டு வரிசையை மட்டும் திருப்பினால் போதும். நீங்கள் சரி என்றால் தம்பியிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். உங்களுக்கு முடிந்தால் நான் கூப்பிட்டுப் பேசுகிறேன். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

அன்புடன்,
முரளி