மின்னஞ்சல் அடிக்குறிப்பு: ரகசியம், பணம், பொறுப்பு குறித்த அறிவிப்பு

இந்த மின்னஞ்சல் திருப்பூரில் இயங்கும் எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து வருகிறது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான இரண்டு பங்குதாரர்களின் நிறுவனம் இது. நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங் வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும், நூலும் பட்டனும் தருபவர்களுக்கும் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் இந்த அறிவிப்பு பொருந்தும்.

வங்கிக் கணக்கு: இதை முதலில் படியுங்கள்

எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் மட்டும் சொல்ல மாட்டோம். இரு பங்குதாரர்களும் கையெழுத்திட்ட லெட்டர்பேட் கடிதமும், ரத்து செய்த காசோலையும் நேரில் தருவோம். அதன்பின் 7 வேலை நாள் கழித்தே புதிய கணக்கு நடப்புக்கு வரும். "ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கு முடங்கிவிட்டது, இன்றே இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று எங்கள் பெயரில் வரும் மின்னஞ்சல் எங்களுடையது அல்ல.

அப்படி ஒன்று வந்தால் அதற்குப் பதில் எழுதாதீர்கள். பதில் ஏமாற்றுக்காரரிடமே போகும், அவரே "ஆமாம், சரிதான்" என்று உறுதி செய்வார். அந்த மின்னஞ்சலில் உள்ள போன் எண்ணையும் நம்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் பழைய அச்சிட்ட டெலிவரி சலானில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அனுப்பியவரின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்: m இருக்க வேண்டிய இடத்தில் rn என்று இரண்டு எழுத்து இருந்தால் போன் திரையில் வித்தியாசம் தெரியாது.

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போய்ச் சேரும். பெயரைச் சரியாக எழுதினோம் என்பது காப்பாற்றாது. ஆகவே உங்கள் வங்கியின் செயலியில் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியைப் பயன்படுத்தி, திரையில் வரும் பெயர் பில்லில் உள்ள பெயர்தானா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இதே விதி எங்களுக்கும் உண்டு. உங்கள் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால், எங்கள் பதிவேட்டில் உள்ள உங்கள் பழைய எண்ணுக்கு அழைத்து உங்கள் வாயால் கேட்கும்வரை புதிய கணக்கில் பணம் போட மாட்டோம். அதனால் ஒருநாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் தவறிப் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு.

ரகசியம்

நாங்கள் அனுப்பும் டெக் பேக், அளவுத்தாள், பிரிண்ட் ஆர்ட்வொர்க், லேபிள் வடிவம், பீஸ் விலை ஆகியவை எங்களுக்கோ எங்கள் பையருக்கோ சொந்தம். பெரும்பாலும் அவை கடைக்கு வராத அடுத்த சீசன் துணிகள். வேலைக்குத் தேவையான ஆட்களுக்கு மட்டும், தேவையான பக்கத்தை மட்டும் காட்டுங்கள். கட்டிங் மாஸ்டருக்கு அளவுத்தாள் போதும், விலைப் பக்கம் வேண்டாம். சாம்பிள் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ குழுவிலோ போடாதீர்கள். "நம்ம யூனிட் வேலை" என்று பெருமையோடு போட்ட படமும் பையர் கண்ணில் பட்டால் ஆர்டர் ரத்தாக இடமுண்டு, அந்த நஷ்டம் உங்களையும் சேரும்.

எங்களோடு செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால் அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும். இந்த அடிக்குறிப்பு அதை நினைவூட்டுகிறது, புதிதாக எதையும் சுமத்தவில்லை.

இந்த மின்னஞ்சல் தவறி உங்களுக்கு வந்திருந்தால்

இணைப்பைத் திறக்காதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். "தவறாக வந்தது" என்று ஒருவரி பதில் மட்டும் அனுப்புங்கள். பிறகு இன்பாக்ஸில் அழித்து, குப்பைப் பெட்டியிலும் அழியுங்கள். ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குப் போனது 30 நாள் அங்கேயே இருக்கும். போனில் டவுன்லோடு ஆகியிருந்தால் அதையும் நீக்குங்கள். எங்களோடு ஒப்பந்தம் செய்யாதவருக்கு இது எங்கள் வேண்டுகோள். தவறு எங்களுடையது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஆர்டர் எப்போது ஆர்டராகும்

விலை விசாரிப்பு, சாம்பிள் பற்றிய பேச்சு, "அடுத்த வாரம் 12,000 பீஸ் வரும்" என்ற தகவல் ஆகியவை ஆர்டர் அல்ல. அதை நம்பி நூல் வாங்கிவிடாதீர்கள். எண்ணும் தேதியும் இட்டு, ஸ்டைல், நிறம், சைஸ்வாரி எண்ணிக்கை, பீஸ் விலை, டெலிவரி நாள் ஆகிய ஐந்தும் எழுதி, பங்குதாரர் ஒருவர் கையெழுத்திட்ட பி.ஓ. பி.டி.எஃப். ஆக வந்தால்தான் ஆர்டர். அப்படி வந்ததை "வெறும் மின்னஞ்சல்தானே" என்று நாங்கள் மறுக்க மாட்டோம். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, மின்னணு முறையில் ஆனது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

மெர்ச்சண்டைசர், சூப்பர்வைசர் போன்றோர் விலையை மாற்றவோ கடனைத் தள்ளவோ மின்னஞ்சல் அனுப்பினால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. உடனே பங்குதாரரிடம் கேளுங்கள். வழக்கை நடுவர் தீர்ப்புக்கு விட ஒரு பங்குதாரரின் மின்னஞ்சல் மட்டும் போதாது, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

குறையும் பணம் செலுத்தும் நாளும்

ஷேட் மாறியது, எண்ணிக்கை குறைந்தது, ஓட்டை விழுந்தது என்பன போன்ற குறைகளைச் சரக்கு வந்த 15 நாளுக்குள் லாட் எண்ணோடும் போட்டோவோடும் எழுத்தில் தெரிவிப்போம். அதற்குப் பிறகு சரக்கை ஏற்றதாகவே கொள்ளுங்கள். நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் நாங்கள் உங்களுக்குப் பணம் தருவது, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூட்டுவட்டி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த அடிக்குறிப்பின் எந்த வரியும் அந்த உரிமையைக் குறைக்காது.

இணைப்புகளும் வைரஸும்

நாங்கள் அனுப்புவது .pdf, .jpg, .xlsx கோப்புகள் மட்டும். .exe அல்லது .apk வந்தால் எங்கள் பெயர் இருந்தாலும் திறக்காமல் அழியுங்கள். ஓ.டி.பி.யை எந்த வழியிலும் கேட்க மாட்டோம். எங்கள் கணினிகளில் வைரஸ் தடுப்பு உண்டு. ஆனாலும் வழியில் கோப்பு கெடவோ மாறவோ கூடும், அதனால் வரும் சேதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு நாங்கள் பொறுப்பேற்கவில்லை. எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு இது பொருந்தாது.

தொழிலாளர் விவரம்

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலைக்காக ஆதார் நகல் அனுப்பும்போது முதல் 8 இலக்கம் மறைந்த ஆதாரையே அனுப்புங்கள். முழு எண் வேண்டிய இடத்தில் நேரில் பெற்றுக்கொள்கிறோம். பொது மின்னஞ்சலில் பத்துப் பேருக்கு நகல் வைத்து அனுப்ப வேண்டாம். வரும் விவரங்களைச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம். பில், சலான் சார்ந்த மின்னஞ்சல்களை ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருப்போம்.

நீதிமன்றமும் மொழியும்

தகராறு எழுந்தால் இந்தியச் சட்டமே பொருந்தும், திருப்பூர் நீதிமன்றங்களே விசாரிக்கும். இந்த அறிவிப்பு ஆங்கிலத்திலும் உள்ளது. எங்களோடு தமிழில் எழுதுபவர்களுக்கு, இரண்டுக்கும் முரண் வந்தால், தமிழ் வாசகமே செல்லும்.