மூச்சு வாங்கும் இடம்

காலை ஏழே கால். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் பார்வையாளர் நிலையத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை சட்டென்று செங்குத்தாக எழுகிறது. 163 மீட்டர்தானே என்று சொல்பவர்கள் முதுகில் ஒன்பது கிலோவோடு அந்த முதல் ஏற்றத்தில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். யாழினியின் பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறு இருந்தன. ஜூன் மாதம் சித்தியோடு மலேசியாவின் கினபாலு மலை ஏறப் போகிறாள். அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமைப் பயிற்சி. இடுப்புப் பட்டையின் சின்னப் பைக்குள் நீல இன்ஹேலர். மருத்துவர் சொன்னபடி கிளம்புமுன் இரண்டு முறை இழுத்திருந்தாள்.

முதலில் மூச்சைப் பற்றிய நினைப்பே இல்லை. மூக்கு வழியாகப் போனது, மூக்கு வழியாக வந்தது. சித்தி பாலிடெக்னிக் பிராஜெக்ட் பற்றிக் கேட்டார். குழுவில் யார் வேலை செய்கிறார்கள், யார் செய்வதில்லை என்று யாழினி நீளமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் வளைவுக்கு முன்னால் ஒரு வாக்கியம் நடுவில் அறுந்தது. "அவன் வந்து... ஸ்லைடு மட்டும்..." மிச்சம் வரவில்லை. சித்தி திரும்பிப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை.

வாய் எப்போது திறந்தது என்று தெரியாது. நாக்கு உலர்ந்தபோதுதான் கவனித்தாள். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று தொடங்கினாள். மூன்று அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே. மரங்களுக்கு நடுவே சில்வண்டு ஓயாமல் இரைந்தது. சாலையோரத்தில் ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டவைத்தபடி அவளைப் பார்த்தது. கொஞ்ச தூரத்தில் கணக்கு இரண்டாகக் குறைந்தது.

அப்புறம் எண்ணவே முடியவில்லை. ஒரு மூச்சு முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே பாய்ந்தது. தோள்கள் காதை நோக்கி ஏறிவிட்டன. மூச்சு வயிறு வரை இறங்காமல் கழுத்துக்குக் கீழேயே நின்று திரும்பியது.

இந்த இடம் அவளுக்குத் தெரியும். ஆறு வயதில் இப்படித்தான் தொடங்கும். நடுராத்திரியில் அம்மா எழுந்து வந்து, அவள் சட்டையைத் தூக்கி, முதுகில் காது வைப்பார். "பூனை கத்துதுங்க" என்று அப்பாவை எழுப்புவார். நெஞ்சுக்குள் கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு வீட்டில் அதுதான் பெயர். அதற்குப் பிறகு டாக்சி, வெள்ளை விளக்கு, முகத்தில் மாஸ்க்.

யாழினி நின்றாள். கை இடுப்புப் பட்டைக்குப் போனது.

"கத்துதா?" என்று கேட்டார் சித்தி.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பெரிய, அவசரமான, ஈரமான காற்று. காதுக்குள் இதயம் இடித்தது. ஆனால் நெஞ்சு இறுகவில்லை. கீச்சு இல்லை.

"இல்ல சித்தி. மூச்சுதான் வாங்குது."

"அப்போ வெளியே விடு. முழுசா. உள்ளே போறது தானா போகும்." சித்தி தாதியாக இருப்பவர், எதையும் அவசரப்படாமல் சொல்வார். "கால் தசை வேலை செய்யுது, கரியமில வாயுவைக் கொட்டுது. அதைத் தள்ளத்தான் உடம்புக்கு இவ்வளவு அவசரம்."

உதட்டைக் குவித்து ஊதினாள். அடுத்த மூச்சு வயிற்றைத் தொட்டது. தோள் இறங்கியது.

கடைசிப் படிகள் உயரமானவை. ஒவ்வொரு படியிலும் காலைத் தூக்கும்போது தான் மூச்சை அடக்குவதை இப்போது பிடித்துவிட்டாள். மாற்றிப் பார்த்தாள். படியை மிதித்து எழும்போது ஊதல், மேலே நின்றதும் இழுப்பு. ஒரு படிக்கு ஒரு மூச்சு. வேகம் பாதியானது, ஆனால் அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

உச்சியில் 163.63 என்று பொறித்த பாறைக்குப் பக்கத்தில் பையை இறக்கினாள். "கினபாலு உச்சி 4,095 மீட்டர். இங்கே ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன்ல அங்கே ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும்," என்றார் சித்தி. "இன்னைக்கு நடந்த மாதிரியே நட. அதைவிட மெதுவா."

கைப்பேசி அடித்தது. அம்மா.

"மேலே வந்துட்டேன்மா."

மறுமுனையில் பேச்சு நின்றது. "என்னடி இப்படி மூச்சு வாங்குது? மருந்து எடுத்தியா? சித்தி எங்கே?"

யாழினி பதில் சொல்லவில்லை. கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்து வைத்து, வாயைத் திறந்து, நீளமாக ஒருமுறை விட்டாள். இன்னொரு முறை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் குக்கர் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"பூனையைக் காணோம்," என்றார் அம்மா, வெகு நேரம் கழித்து.