கொப்பிகளை மூட முன்னம்: ஊழியர் கூட்டத்தில் பொது முகாமையாளர் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். விசுவமடுப் பக்கம் போகிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் ஆறு மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

போன கிழமை கம்பனிக்காரத் தம்பி வந்து, எங்கள் கணக்குக் கொப்பிகளுக்குப் பதிலாக வரப்போகிற புது கணினி சிஸ்டத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கேள்வி இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் நல்லாகத்தான் கதைத்தீர்கள். கொஞ்சம் என் காதிலும் விழுந்தது. யார் சொன்னது என்று தேடப் போவதில்லை. அங்கே கதைத்ததை இன்றைக்கு நானே சொல்கிறேன், ஏனென்றால் அதில் முக்கால்வாசி நியாயம்.

முதலாவது: "எங்களைக் கள்ளர் என்று பிடிக்கத்தான் இது வருகுது."

அப்படி நினைக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. போன சிறுபோகத்தில் நெற்களஞ்சியத்தில் 12,000 கிலோ நெல் வாங்கினோம், பதினெட்டு வீத ஈரத்தில். காயவைத்து பதினாலு வீதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தபோது 558 கிலோ குறைந்திருந்தது. எங்கள் கூட்டுறவுச் சங்கம் அனுமதிக்கிற கழிவு இரண்டு வீதம், அதாவது 240 கிலோ. மிச்சம் 318 கிலோவைக் குறைவு என்று எழுதி, கிலோ 120 ரூபாப்படி 38,160 ரூபாவைக் களஞ்சிய அண்ணையின் சம்பளத்தில் வெட்டினோம். வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தது நான்.

போன மாதம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பதினெட்டு வீத ஈரம் உள்ள 100 கிலோவில் நெல் 82 கிலோ, மற்றது தண்ணீர். அதே நெல்லைப் பதினாலு வீதத்துக்குக் காயவைத்தால் 82ஐ 86ஆல் பிரித்து நூறால் பெருக்க வேண்டும். 95 கிலோ சொச்சம் வரும். 12,000 கிலோவுக்குக் குறைவு சரியாக அந்த 558தான். ஒரு கிலோகூடக் களவு போகவில்லை. வெயில் கொண்டுபோன தண்ணீருக்கு ஒரு மனிசனிடம் காசு வாங்கியிருக்கிறோம். அந்தக் காசு இந்த மாதச் சம்பளத்தோடு திரும்பி வரும், பணிப்பாளர் சபை சம்மதித்துவிட்டது. அண்ணை, எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

புது சிஸ்டத்தில் நெல் வாங்கும்போது நிறையோடு ஈரத்தையும் அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். அதற்கு மேலே குறைந்தால் அதுவும் தெரியும்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தண்ணீர் எது, களவு எது என்று பிரித்துக் காட்ட எங்கள் கொப்பிக்கு இத்தனை வருடமும் வழி இருக்கவில்லை.

இரண்டாவது, யாரும் சத்தமாகச் சொல்லாதது. கடன் கொப்பி.

ஒவ்வொரு கிளையிலும் லாச்சிக்குள் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பால்மா கேட்டு ஒரு அம்மா வருவா, கூலி சனிக்கிழமைதான் வரும். அறுவடைக்குக் காசு தருகிறேன் என்று ஒரு ஐயா வருவார். கொடுக்காமல் விட முடியுமா? கொடுக்கிறீர்கள். சங்கத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை. அதனால் குறைந்த இருப்பை நிரப்பிக் காட்ட, கணக்காய்வுக்கு முதல்நாள் ஒரு கிளையின் சீனி மூடை இன்னொரு கிளைக்குப் பயணம் போகும். சிரிக்கிறீர்கள். நானும் பதினொரு வருடம் கிளையில் நின்றவன், இரவில் மூடை ஏற்றிய சைக்கிளை உருட்டியவன்.

உங்கள் பயம் என்ன? சிஸ்டம் வந்தால் இருப்பு அன்றைக்கே தெரியும், கொப்பி அகப்படும். அல்லது அந்த அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வரும். இரண்டும் உண்மையான பயம். அதனால் கம்பனிக்காரரிடம் முதலில் செய்யச் சொன்ன மாற்றமே இதுதான்: அங்கத்தவர் பெயரில் கடன் என்று ஒரு பக்கம். கிளைக்கு 75,000 ரூபாவரை முகாமையாளரே கொடுக்கலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். இப்போது கொப்பியில் உள்ளதை இந்த மாத முடிவுக்குள் கொண்டுவந்து பதியுங்கள். ஏன் கொடுத்தாய் என்று ஒருவரையும் கேட்க மாட்டோம். இது சபையின் தீர்மானம், எழுத்தில் இருக்கிறது, பிரதி கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, கரண்ட். 2022இல் மணிக்கணக்காக இருட்டில் இருந்ததை மறக்கவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் பற்றரி வைக்கிறோம். இணையம் அறுந்தாலும் விற்பனை நிற்காது, வந்தபிறகு தானாகப் போய்ச் சேரும். அதுவும் கைவிட்டால் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம் மேசையில் இருக்கும், அதில் எழுதுங்கள்.

"கணினி பழுதானால் எல்லாம் போச்சு" என்று மூத்த அக்கா சொன்னது சரியான கேள்வி. ஆனால் அக்கா, 2009இல் எங்கள் பேரேடு ஒன்றாவது மிஞ்சியதா? மீள்குடியேறி வந்து, யாருக்கு எவ்வளவு பங்குப்பணம் என்று சனத்தின் ஞாபகத்தைக் கேட்டுக் கேட்டு எழுதியது நீங்களும் நானும்தானே. இனி ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி வவுனியாவிலும் ஒன்று கொழும்பிலும் இருக்கும்.

வேலை போகுமா? இங்கே இருக்கும் ஒருவரையும் சிஸ்டத்தைக் காரணம் காட்டி நிறுத்த மாட்டோம், அதுவும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. ஆனால் வரும் வருடம் ஓய்வுபெறும் இரண்டு எழுதுவினைஞர்களின் இடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கப் போவதில்லை. பின்னுக்கு வேறு வாயால் கேள்விப்படுவதைவிட இப்போதே என்னிடம் கேளுங்கள்.

கண் தெரியாது, இங்கிலிஷ் தெரியாது, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் பிழை விட வெட்கம். திரை முழுக்கத் தமிழில், எழுத்துப் பெரிதாக. எரிபொருளுக்குக் கியூ.ஆர் வந்தபோது எங்கள் பெற்றோல் செட்டில் நடந்தது நினைவிருக்கும்: ஸ்மார்ட் போன் இல்லாத ஐயாமார் அந்தக் கியூ.ஆர் குறியீட்டைத் தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சேர்ட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள்தான் வரிசையில் நின்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்தீர்கள். உங்களுக்கும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

வேலை கூடுமா? கூடும். ஆறு கிழமைக்குக் கொப்பியும் கணினியும் இரண்டும். தினமும் அரைமணி நேரம் மேலதிகமாகப் போகும், அதற்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு. ஆறு கிழமை முடிவில் இரண்டும் ஒத்துவராத கிளையில் கொப்பியை மூட மாட்டோம். மூடலாமா என்று முடிவு சொல்வது அந்தக் கிளை முகாமையாளர், நான் இல்லை. காலபோக அறுவடை முடியும்வரை நெற்களஞ்சியத்தில் கை வைக்கவும் மாட்டோம். மூடை வரிசை நிற்கும்போது பொத்தான் பழக முடியாது.

திங்கள் காலை பரந்தன் கிளையில் தொடங்குகிறோம், நானும் கல்லாவில் நிற்பேன். முதல் பிழையை நானே விடுவேன், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

சரி, தேத்தண்ணி வருகுது. இந்த முறை கோப்பையோடு இங்கேயே இருங்கள். பொல்லாத கேள்வி ஏதாவது இருந்தால் அது முதலில். களஞ்சிய அண்ணை, கையை உயர்த்தியும் உயர்த்தாமலும் இருக்கிறீர்கள். கேளுங்கள்.