கூத்தாநல்லூர் நண்பருக்கு ஒரு ரமலான் மடல்

திருவாரூர்,
22.02.2026

அன்பு நண்பர் ஜமால் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் நோன்பு வைத்திருக்கும் உங்களுக்கும், ஆமினா அம்மாவுக்கும், வீட்டிலுள்ள அனைவருக்கும் என் வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் நினைத்தபடியே எல்லா நோன்புகளையும் நிறைவாக முடித்து, மனமகிழ்ச்சியோடு பெருநாளைக் காண வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் சமூகத்தார் ஒருவரையொருவர் வாழ்த்தும்போது, இறைவன் நோன்பை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்வது வழக்கம். எனக்கு இறை நம்பிக்கை இல்லை என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். நம்பாத ஒருவன் அந்த வேண்டுதலை உதட்டளவில் சொன்னால், அது உங்கள் தொழுகைக்கும் மரியாதையாகாது, நம் நட்புக்கும் அழகாகாது. ஆகவே அதை உங்கள் பள்ளிவாசல் நண்பர்களுக்கு விட்டுவிட்டு, எனக்கு உரிமையான வாழ்த்தை மட்டும் அனுப்புகிறேன்.

நாம் கல்லூரியில் படித்த 1985-இல் ரமலான் மே மாதக் கடைசியில் தொடங்கியது நினைவிருக்கும். சந்திர ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவாக இருப்பதால், ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஒரு சுற்றை முடித்து, 2018-இல் அது மறுபடியும் மே மாதத்துக்கே வந்தது; இப்போது பிப்ரவரியில் நிற்கிறது. அந்தக் கத்திரி வெயிலில் விடுதி வராந்தாவின் குழாயடியில் நீங்கள் ஒளுச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வாய் கொப்பளிக்கும்போது ஒரு மிடறு உள்ளே போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நீரை முழுவதுமாக உமிழ்ந்துவிட்டு வகுப்புக்கு வருவீர்கள். எவரும் சரிபார்க்க முடியாத ஓர் உறுதியை, தனக்கும் தன் இறைவனுக்கும் இடையிலான வாக்காகக் கொண்டு காப்பாற்றுகிறவரை மதிப்பதற்கு, அந்த இறைவனை நானும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே அன்று முதல் என் கருத்து.

உங்களோடு சேர்ந்து ஒருநாள் நானும் நோன்பிருக்கலாமே என்று சென்ற வாரம் பேரன் கேட்டான். நல்லெண்ணத்தில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நிய்யத் இல்லாமல் வயிற்றை மட்டும் காயப்போடுவது என்னைப் பொறுத்தவரை பாவனையாகவே இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். நீங்கள் நோன்பு திறக்கும்போது அழைத்தால், விருந்தினனாக வந்து உட்காருவதுதான் எனக்குப் பொருந்தும்.

உங்கள் சர்க்கரை அளவைப் பற்றி இந்த மடலில் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று எண்ணியிருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் உங்கள் மார்க்கமே விலக்கு அளித்திருப்பது எனக்குத் தெரியும். எப்போது அதைப் பயன்படுத்துவது என்பதை உங்கள் மருத்துவரும், ஆலிமும், நீங்களும் சேர்ந்து முடிவுசெய்வீர்கள். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா என்று ஆண்டுதோறும் யாராவது உங்களிடம் வியப்போடு கேட்பதையும், நீங்கள் பொறுமையோடு விளக்குவதையும் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

வாசகசாலைக் குழுவின் மாதக் கூட்டத்தை, மாலை ஐந்தரை மணியிலிருந்து ஞாயிறு முற்பகல் 11 மணிக்கு மாற்றும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். பாங்கு சொல்லும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பதற்காகவே இந்த மாற்றம். கூட்டத்தில் வழக்கம்போலத் தேநீர் கொடுக்கப்படும். உங்கள் முன்னால் மற்றவர்கள் குடிப்பது ஒரு பொருட்டே அல்ல என்று நீங்கள் முன்பே சொல்லியிருப்பதால், அதை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் எல்லோருடைய கவனமும் உங்கள் மேல் திரும்பி, உங்களுக்குத்தான் சங்கடம்.

நோன்புக் கஞ்சி விஷயத்தில் என் மனைவிக்கு ஒரு சிறு விண்ணப்பம் உண்டு. அவர் இப்போது புலால் உண்பதை விட்டுவிட்டார். ஆகவே தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பும்போது, வெந்தயமும் பாசிப்பருப்பும் புதினாவும் சேர்த்த கறியில்லாக் கஞ்சியாக அவருக்கென்று கொஞ்சம் தனியே எடுத்துவைக்க முடியுமா என்று ஆமினா அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு வழக்கமான கஞ்சியே போதும், வாடாவும் இருந்தால் இன்னும் நல்லது.

தராவீஹ் முடிந்து வீடு திரும்ப இரவு பத்து மணியாகும் என்று உங்கள் மகன் சொன்னார். எனவே பகலிலோ மஃரிபுக்கு முன்னரோ தொலைபேசியில் தொந்தரவு செய்ய மாட்டேன். வரும் வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க நான் வருவது உங்களுக்கு வசதிப்படுமா என்பதை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்; பேரீச்சம்பழம் வாங்கி வருகிறேன்.

என்றும் அன்புடன்,
இளங்கோவன்