பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் அச்சுப்பிழை: மதிப்பெண் வழங்கும் முறை குறித்து

தேர்வு வாரியச் செயலர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். நேற்று நடைபெற்ற கணிதத் தேர்வின் 42ஆம் வினா, ஆங்கில வடிவில் x² + 4x − 5 = 0 என்றும், தமிழ் வடிவில் x² + 4x + 5 = 0 என்றும் அச்சாகியுள்ளது. பின்னதன் தன்மைகாட்டி −4 என்பதால், வினா கேட்கும் மெய் மூலங்கள் அதற்கு இல்லை. 5 மதிப்பெண்ணுக்கான கட்டாய வினா இது; மாற்று வினாவும் கிடையாது.

மெய் மூலங்கள் இல்லை என நிறுவிய மாணவருக்கும், ஆங்கில வடிவைப் பார்த்து 1, −5 என விடையளித்தவருக்கும், குழம்பிப் பாதியில் விட்டவருக்கும் எவ்வாறு மதிப்பெண் வழங்கப்படும் என்பதையும், அதற்கான அறிவுரை திருத்தும் பணி தொடங்கும் முன்பே விடைக்குறிப்பில் சேர்க்கப்படுமா என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கோருகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இவ்வினாவில் அதிக நேரத்தை இழந்துள்ளனர். வினாத்தாளின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை