ஜூனியர் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை: 2 பேர், அம்பத்தூர், சென்னை. மாதச் சம்பளம் 19,000 ரூபாய், பிடித்தம் போகக் கைக்கு 17,177

சிபிவிசி, யுபிவிசி பைப், ஃபிட்டிங்ஸ், குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி, சென்னையின் மேற்குப் பகுதியில் உள்ள ஹார்டுவேர் கடைகளுக்கு சப்ளை செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் நாங்கள். குடோனும் ஆபீஸும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கின்றன. இரண்டு ரூட்டுகளுக்கு ஆள் எடுக்கிறோம். ஒன்று பாடி, கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழி. இன்னொன்று போரூர், மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வழி. அனுபவம் இல்லாதவர்களும் வரலாம்.

வேலையைப் பற்றிப் படிக்கும் முன் எல்லோரும் தேடுவது சம்பளத்தைத்தான். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சம்பளம்

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்: 14,000
வீட்டு வாடகைப் படி: 5,000
மொத்தம்: 19,000
பிஎஃப் பிடித்தம் 12 சதவீதம்: 1,680
ஈஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம்: 143
வங்கிக் கணக்கில் ஏறுவது: 17,177

மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 ரூபாய். அதைச் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிப்போம். அந்த இரண்டு மாதமும் கைக்கு 15,927 ரூபாய்தான் வரும். வீட்டு வாடகை, வண்டித் தவணை என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிஎஃப் கணக்கில் எங்கள் பங்காக மாதம் 1,680 ரூபாயும், ஈஎஸ்ஐக்கு 618 ரூபாயும் கட்டுகிறோம். இதையெல்லாம் கூட்டி '21,000க்கு மேல் சம்பளம்' என்று விளம்பரம் கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. அது உங்களுக்கு உரிய பணம்தான், ஆனால் அதை வைத்து ஒண்ணாம் தேதி மளிகை வாங்க முடியாது.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வந்துவிடும். போனஸ் 8.33 சதவீதம், தீபாவளிக்கு முன்பு. முழு வருடம் வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் வரும். நடுவில் சேர்ந்தவருக்கு அந்த மாதங்களுக்கு ஏற்ப. முதல் ஆறு மாதம் புரொபேஷன். அப்போதும் இதே சம்பளம்தான், குறைத்துத் தருவதில்லை. ஆறு மாதம் முடிந்து உறுதி செய்யும்போது 1,000 ரூபாய் கூடும். அதற்குப் பிறகு ஏப்ரல்தோறும் உயர்வு உண்டு. அது எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது. அந்த வருட வியாபாரத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இன்சென்டிவ்: இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

முதல் மூன்று மாதம் டார்கெட் கிடையாது, இன்சென்டிவும் கிடையாது. நான்காவது மாதத்திலிருந்து டார்கெட் 5 லட்சம் ரூபாய். ஆர்டர் எடுத்த தொகையை இதில் சேர்க்க மாட்டோம். கடைக்காரரிடமிருந்து வசூலாகி எங்கள் கணக்கில் ஏறிய தொகையே கணக்கு. 5 லட்சத்தைத் தொட்டால் 2,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு முழு லட்சத்துக்கும் 600 ரூபாய். 4,90,000 வசூலானாலும் அந்த மாதம் இன்சென்டிவ் இல்லை. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் விதி அதுதான். இன்சென்டிவ் அடுத்த மாதச் சம்பளத்தோடு வரும். அந்த மாதம் ஈஎஸ்ஐ பிடித்தம் சில ரூபாய் கூடும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கட்டட வேலை பாதி நின்றுவிடும். வேலை நின்றால் பைப் போகாது. அதனால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்கும் டார்கெட்டை 3.5 லட்சமாகக் குறைத்திருக்கிறோம்.

இப்போது எங்களிடம் இதே வேலையில் மூன்று பேர் இருக்கிறார்கள். கடந்த நிதியாண்டில் அதிகம் வாங்கியவருக்கு இன்சென்டிவ் மாதச் சராசரி 3,100 ரூபாய். இரண்டாமவருக்கு 1,400. மூன்றாமவர் புதிது, முதல் ஆறு மாதத்தில் அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. 'மாதம் 40,000 வரை சம்பாதிக்கலாம்' என்ற வரியை எதிர்பார்த்து வந்தீர்கள் என்றால், அப்படி யாரும் இங்கே சம்பாதித்ததில்லை. முதல் வருடம் கைக்கு 17,000 முதல் 19,000 வரை என்று கணக்கு வைத்துக்கொண்டு வாருங்கள்.

கடைக்காரர் பணம் தராமல் போனாலோ, செக் திரும்பி வந்தாலோ உங்கள் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்வது ஆபீஸ். வாராக் கடனும் ஆபீஸுடையதே.

பெட்ரோல், போன்

சொந்த வண்டியில் ரூட் போனால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். ஒரு நாளைக்கு 40 முதல் 55 கிலோமீட்டர் ஓடும். வாரா வாரம் சனிக்கிழமை கணக்குத் தீர்த்துவிடுவோம். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வருகிற தூரம் இதில் சேராது. வண்டி இல்லாதவர்கள் முதல் மூன்று மாதம் பஸ்ஸில் போகலாம். மாத பாஸ் நாங்கள் எடுத்துத் தருகிறோம். ஆனால் குன்றத்தூர் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் கடைகளுக்கு பஸ்ஸை நம்பிப் போனால் நாளே போய்விடும். மூன்று மாதத்துக்குள் லைசென்ஸும் வண்டியும் இருந்தாக வேண்டும்.

போன் உங்களுடையது, ரீசார்ஜுக்கு மாதம் 350 ரூபாய் தருவோம். வேலை நேரத்தில் மட்டும் ஆப்பில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்து சங்கடப்படுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அன்றாடம் என்ன வேலை

காலை 9.30க்கு ஆபீஸ். எந்த ஐட்டம் ஸ்டாக் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக்கொண்டு 10.30க்கு மேல் கிளம்புவீர்கள். அதற்கு முன்பு கடைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. மேஸ்திரிகளும் பிளம்பர்களும் சாமான் வாங்க வந்து நிற்கிற நேரம் அது. கவுன்டரில் ஆறு பேர் நிற்கும்போது ஆர்டர் புக்கை நீட்டினால் எந்தக் கடைக்காரருக்கும் கோபம்தான் வரும்.

ஒரு நாளைக்கு 12 முதல் 15 கடை. போனதும் 'ஆர்டர் இருக்காண்ணே?' என்று கேட்டால் 'இல்ல தம்பி' என்றுதான் பதில் வரும். எங்கள் பழைய ஆள் ஒருவர் அப்படிக் கேட்பதே இல்லை. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போய் ரேக்கைப் பார்ப்பார். 'அண்ணே, முக்கால் இன்ச் எல்போ ஒரு டப்பாதான் கிடக்கு, பால் வால்வு சுத்தமா இல்ல, சால்வென்ட் சிமென்ட் டேட் முடியப் போகுது, மாத்திக் கொடுத்துடறேன்' என்பார். அங்கேயே ஆர்டர் முடிந்துவிடும். பெரிதாகப் பேச்சுத் திறமை வேண்டும் என்று பயந்து இந்த வேலைக்கு வராமல் இருக்காதீர்கள். வாயைவிடக் கண்ணுக்குத்தான் இதில் வேலை அதிகம்.

கஷ்டமான பாதி வசூல். 30 நாள் கடனில் சரக்குப் போகும். 31ஆவது நாள் பணம் கேட்டுப் போனால் 'அடுத்த வாரம் வா' என்பார்கள். அடுத்த வாரம் போனால் ஓனர் ஊருக்குப் போயிருப்பார். சண்டையும் போடக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. நாளைக்கு அதே கடையில் ஆர்டர் எடுக்கப் போகிறவரும் நீங்கள்தான். இது வருமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ரொக்கமாக வாங்கக் கூடாது. செக், யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் மட்டும். பையில் பணத்தோடு நீங்கள் சாயங்காலம் வண்டி ஓட்டி வர வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த விதி.

6.30க்கு வேலை முடியும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாள் எட்டு மணி வரை இழுக்கும். ஞாயிறு விடுமுறை. ஏப்ரல், மே வெயிலில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். மதியம் 1 முதல் 3 வரை ரூட்டில் இருக்க வேண்டும் என்று அந்த மாதங்களில் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை.

யார் வரலாம்

பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ, டிகிரி எதுவானாலும் சரி. 18 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழில் பேசவும், ஆங்கிலத்தில் இருக்கும் பில்லையும் ஐட்டம் பெயர்களையும் படிக்கவும் தெரிந்தால் போதும். தெலுங்கோ இந்தியோ தெரிந்தால் சில கடைகளில் உதவும், கட்டாயமில்லை. ஹார்டுவேர் கடை கவுன்டரில் நின்றவர்கள், டெலிவரி வேலை பார்த்தவர்கள், பிளம்பருக்கு உதவியாளாகப் போனவர்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். தெருவும் தெரியும், சாமான் பெயரும் தெரியும். படிப்பில் அரியர் இருந்தாலும் வரலாம், பரீட்சைக்கு லீவு தருகிறோம்.

பெண்களும் விண்ணப்பிக்கலாம், சம்பளம் ஒன்றுதான். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே: ரூட்டில் உள்ள சின்னக் கடைகளில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்களுக்கு ஆபீஸுக்குப் பக்கமான பாடி, அம்பத்தூர் ரூட்டை முதலில் தருவோம்.

ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குத் தாவும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. கடைக்காரர்கள் உங்கள் முகத்தைப் பழகுவதற்கே நான்கைந்து மாதம் ஆகும்.

சேர்ந்தவுடன் தனியாக அனுப்பிவிட மாட்டோம். முதல் வாரம் குடோனில் சாமான்களைப் பெயரோடும் அளவோடும் கைக்குப் பழக்கிக்கொள்வீர்கள். அடுத்த மூன்று வாரம் பழைய ஆளோடு ரூட். இந்த ஒரு மாதத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு.

எப்படி வருவது

நேரில்தான் நேர்முகம். வரும் திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் 1 மணி வரை. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிர்வரிசையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளை வாசலில் அடுக்கிய குடோன் தெரியும். மாடியில் ஆபீஸ். ஆதார் நகலும் கடைசியாகப் படித்த படிப்பின் மார்க் ஷீட் நகலும் போதும். பயோடேட்டா இல்லாவிட்டால் இங்கேயே ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டாம், நாங்கள் வாங்கி வைப்பதில்லை. டெபாசிட், பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் பணம் எதுவும் கிடையாது. போன் நம்பர் போடாததற்கும் காரணம் உண்டு: எங்கள் பெயரைச் சொல்லி யாராவது போனில் பணம் கேட்டால் அது நாங்கள் இல்லை என்று உங்களுக்கு உடனே தெரிய வேண்டும்.

நேர்முகம் அரை மணி நேரம். கையால் எழுதிய ஓர் ஆர்டர் சீட்டைத் தருவோம். 6 சதவீதம் தள்ளுபடி கழித்து, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் தொகை சொல்ல வேண்டும், கால்குலேட்டர் பயன்படுத்தலாம். அப்புறம் பணம் தராமல் இழுக்கும் கடைக்காரராக எங்களில் ஒருவர் உட்காருவார், நீங்கள் வசூல் கேட்க வேண்டும். சம்பளம் பற்றி என்ன கேள்வி இருந்தாலும் அங்கேயே கேளுங்கள். இப்போது இருக்கும் மூன்று பேரில் அன்று யார் ஆபீஸில் இருக்கிறாரோ அவரிடம் தனியாகவும் பேசலாம்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் மெசேஜ் வரும். தேர்வானவர்களுக்கு மேலே உள்ள தொகைகளை அப்படியே எழுதி ஆஃபர் லெட்டர் தருவோம். வீட்டில் காட்டிப் பேசிவிட்டு மூன்று நாளில் பதில் சொன்னால் போதும். வேலையை விடுவதானால் இரு தரப்புக்கும் 30 நாள் நோட்டீஸ். பாண்டு எதுவும் கையெழுத்துப் போட வேண்டாம்.